லிஃப்ட்காரர் பார்த்த ரெஸ்யூமே

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட்காரருக்கு ஒரு சட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் காதைத் திருகாத குறையாகச் சொல்லிவிட்டார்: "உன் கண்ணு பட்டன்ல இருக்கணும். ஏறுறவங்க என்ன பேசுறாங்க, போன்ல என்ன பாக்குறாங்க, அதெல்லாம் உனக்கு வேண்டாத விஷயம்." லிஃப்ட்காரரும் இத்தனை வருடமாக அப்படித்தான் இருந்தார். ஏழாம் மாடி வக்கீலும் அவருடைய எதிர்க்கட்சிக்காரரும் ஒரே லிஃப்டில் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற நாளில்கூட அவர் பட்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்காமல் இருப்பது ஒன்றும் சுலபமில்லை. லிஃப்ட் பழையது. ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் போவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழலாம். அந்த நேரத்தில் ஏறியவர்கள் எல்லோரும் போனை எடுத்துவிடுவார்கள். இவருக்கோ இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து நின்று வேலை பார்க்க முடியாது. பட்டன் பலகைக்குப் பக்கத்தில் உயரமான ஒரு முக்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்தால், முன்னால் நிற்பவரின் கையிலிருக்கும் போன் சரியாக இவர் மூக்குக்கு நேராக வந்து நிற்கும். கடவுளே வந்து சட்டம் போட்டாலும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

அப்படித்தான் ஒருநாள் காலை ஒன்பதாம் மாடி எச்.ஆர். மேடத்தின் போனில் தன் மருமகளின் பெயரைப் பார்த்தார்.

லிஃப்ட்காரருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எண்கள் தெரியும்; எண்களோடுதானே அவருடைய பிழைப்பே. அதைத் தவிர ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை மருமகளின் பெயர். ஆஸ்பத்திரியில் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கூட இருப்பவருக்கென்று ஓர் அட்டை கொடுத்தார்கள். மருமகள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரவும் பகலும் அவர் கட்டில் பக்கத்திலேயே இருந்தாள். புரண்டு படுக்கக்கூட முடியாமல் கிடந்தவருக்கு வேறு பார்க்க என்ன இருந்தது? அந்த அட்டையைப் பார்த்துப் பார்த்தே அந்தப் பெயரின் எழுத்துகள் மனதில் பதிந்துபோயின.

மனைவி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. மகன் லாரி ஓட்டுகிறான். வீட்டில் தங்குகிற நாளைவிட ரோட்டில் தங்குகிற நாள்தான் அதிகம். ஆக, மாமனாரைத் தூக்கி உட்கார வைக்கவும், குளிக்க வைக்கவும், நடக்கப் பழக்கவும் மருமகள் ஒருத்திதான் இருந்தாள். அவள் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் அசிஸ்டென்ட்டாக இருந்தவள். எந்தச் சாமானை யாரிடம் என்ன விலைக்கு வாங்குவது என்று பேரம் பேசி ஆர்டர் போடுகிற வேலை. நல்ல கெட்டிக்காரி. லீவு கேட்டாள், கொஞ்சம் கொடுத்தார்கள். இன்னும் கேட்டாள், உதட்டைப் பிதுக்கினார்கள். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். மாமனார் தேறி முக்காலியில் உட்காரும் அளவுக்கு வந்த பிறகு மறுபடி வேலை தேட ஆரம்பித்தாள். அனுப்பிய ரெஸ்யூமே எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாயின.

முதலில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. அப்புறம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எனக்கு வேலை செய்யவே தெரியாதோ என்னமோ மாமா. முன்னாடி தெரிஞ்ச மாதிரி நானா நெனச்சுக்கிட்டேன்போல" என்றாள். இந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை கிடைக்காமல் போனால் தன் இடுப்பு நேரானதற்கு அர்த்தமே இல்லை என்று லிஃப்ட்காரருக்குப் பட்டது. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டார்.

ஒன்பதாம் மாடியில் பர்ச்சேஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதியைக் கொண்டுவந்ததே அவர்தான். மருமகள் விண்ணப்பித்தாள். "உங்க பேரைச் சொல்ல மாட்டேன் மாமா. நீங்களும் என் பேரைச் சொல்லாதீங்க. சிபாரிசுல வந்தேன்னு பேரு வேண்டாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். லிஃப்ட்காரர் சொன்னால் எடுபடுகிற சிபாரிசா என்பது வேறு விஷயம்.

அந்தக் காலையில் மேடத்தின் போனில் மருமகளின் பெயரைப் பார்த்ததும் அவர் பட்டனை மறந்துவிட்டார். மேடம் கடிதத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சின்னக் கட்டத்தைத் தொட்டாள். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாடி தாண்டியதும் ஒரு பெருமூச்சு விட்டுப் பின்னால் போய் வேறு யாருடையதையோ திறந்தாள். லிஃப்ட்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாடி, மிஞ்சினால் இரண்டு மாடி. நம்ம பிள்ளைக்கு மூன்று மாடிக்கு மேலே.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஒன்பதாம் மாடி அம்மா இன்னிக்கு உன்னோடதைத்தான் ரொம்ப நேரம் பாத்தாங்க. வேற யாரோடதையும் அவ்வளவு நேரம் பாக்கலை."

மருமகள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்தாள். "நிஜமாவா? என்ன பாத்தாங்க மாமா?"

"வட்டமா ஒண்ணு சுத்திக்கிட்டே இருந்துச்சு. அதையே உத்துப் பாத்தாங்க."

அவள் முகம் விழுந்த விதத்தைப் பார்த்துத்தான் லிஃப்ட்காரருக்கு ஏதோ தப்பு என்று புரிந்தது.

"அது திறக்கவே இல்லை மாமா," என்றாள் அவள் மெதுவாக. "வட்டம் சுத்துனா ஃபைல் இறங்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். லிஃப்ட்ல சிக்னல் கெடையாது. மத்தவங்களோடது முன்னாடியே இறங்கியிருக்கும். அவங்க காத்திருந்து பாத்துட்டு விட்டுட்டாங்க."

பாவம், மனிதர் வரும் வழியில் இனிப்புக் கடைப் பக்கம் நின்று யோசித்துவிட்டு வேறு வந்திருந்தார்.

"ஆனா என் போன்ல உடனே திறக்குதே," என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளே யோசித்தாள். அவள் போனில் ஏன் திறக்காது? அந்த ஃபைல் ஏற்கெனவே அந்த போனுக்குள்ளேயேதான் இருந்தது. திறப்பதற்கான ஆப்பும் இருந்தது. ஊரில் இருக்கிற போனையெல்லாம் தன் போன் மாதிரி நினைத்துக்கொண்டு, சரியாக இருக்கிறது என்று அனுப்பியிருக்கிறாள். "மேலே போய் கம்ப்யூட்டர்ல பாப்பாங்கன்னுதானே நெனச்சேன்" என்றாள்.

"அவங்க மேலே போனா மூச்சு விட நேரமில்லையாம். முதல்ல போன்லதான் தட்டிப் பாப்பாங்களாம். தேறுனது மட்டும்தான் கம்ப்யூட்டருக்குப் போகுமாம். அக்கவுண்ட்ஸ் தம்பிகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாங்க," என்றார் லிஃப்ட்காரர். சட்டத்தை மீறி ஒட்டுக்கேட்டதை ஒப்புக்கொள்கிறோமே என்ற கூச்சம்கூட அன்றைக்கு அவருக்கு வரவில்லை.

அவருடைய போன் பழையது. மகன் வைத்திருந்து சலித்துப்போய்த் தள்ளிவிட்டது. மருமகள் அதற்கே அந்த ரெஸ்யூமேயை மெயிலில் அனுப்பினாள். இருவரும் சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு திறந்தார்கள். வட்டம் சுற்றியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள். இன்னும் சுற்றியது. ஒருவழியாகத் திறந்தபோது திரை முழுக்க அவளுடைய இரண்டு கண்ணும் மூக்கும்தான் தெரிந்தன. போட்டோவை அப்படியே பெரிதாக உள்ளே வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் அது மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு அடக்கமாக இருந்தது. இங்கே கட்டுப்பாடில்லாமல் வீங்கிவிட்டது. ஃபைலுக்கு அவ்வளவு கனம் வந்ததும் அந்தப் போட்டோவால்தான்.

விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனார்கள். ரெஸ்யூமேயை இரண்டு பத்தியாகப் பிரித்து அழகாகச் செய்திருந்தாள். இடது பக்கம் தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு, திறமைகள். வலது பக்கம் பார்த்த வேலைகள். போனில் அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. பொழுதுபோக்கெல்லாம் தாண்டி, அதற்கும் கீழே, யாரும் போகாத இடத்தில் வேலை அனுபவம் இருந்தது.

"உன் பேரு எங்கம்மா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதானே, அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

மருமகளும் தேடினாள். நீலப் பெட்டி போட்டு அதற்குள் வெள்ளை எழுத்தில் பெயரையும் போன் நம்பரையும் எழுதியிருந்தாள். இந்தப் போனில் நீலப் பெட்டி வரவில்லை. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. இருக்கிறது, ஆனால் இல்லை. அவள் விரலை வைத்து அழுத்திப் பிடித்த பிறகுதான் அங்கே ஏதோ எழுத்து இருப்பதே தெரிந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் வேறு கம்பெனி போன் இருந்தது. அதிலும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மருமகள் போனாள். அங்கே நீலப் பெட்டி வந்தது. ஆனால் போன் நம்பர் மேலே ஏறி ஈமெயில்மேல் உட்கார்ந்துகொண்டது. தையல்காரம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு" என்றாளாம்.

திரும்பி வந்த மருமகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதமாக எத்தனை இடத்துக்கு அனுப்பியிருப்பாள். அத்தனை பேரும் எதைத் திறந்தார்கள், எதைப் பார்த்தார்கள், யாருக்குத் தெரியும்? அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியாது. வீடு வீடாகப் போய், "உங்க போன்ல என் பேரு தெரியுதா" என்று கேட்க முடியுமா? அழுதால் பரவாயில்லை என்று லிஃப்ட்காரருக்கு இருந்தது. அவள் அழவில்லை.

"பேரே இல்லாம எல்லாருக்கும் அனுப்பியிருக்கேன் மாமா," என்றாள். "அதுவும் என் கண்ணை மட்டும் பெருசா."

அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

அடுத்த நாள் முழுக்க அவள் அதே வேலையாக இருந்தாள். பெட்டி, வண்ணம், இரண்டு பத்தி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாள். போட்டோவையும் எடுத்துவிட்டாள். மேலே பெயர், அதற்குக் கீழே என்ன வேலை தெரியும் என்று ஒரு வரி, போன் நம்பர், உடனே வேலை அனுபவம். எல்லாம் ஒரே நேர்வரிசையில், வெறும் கறுப்பு எழுத்தில். எந்த போனில் திறந்தாலும் வரி கலையாமல் இருக்கட்டும் என்று பி.டி.எஃப். ஆக்கினாள். ஆக்கி அவர் போனுக்கு அனுப்பிப் பார்த்தால், எல்லாம் சரியாக இருக்கிறது, எழுத்து மட்டும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. பெரிய தாளுக்குச் செய்ததைச் சின்னத் திரைக்குள் அடக்கினால் எழுத்தும் சேர்ந்துதானே சுருங்கும். ஓரத்தில் விட்டிருந்த வெற்றிடத்தைக் குறைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளைச் சுருக்கி மறுபடி அனுப்பினாள். விரலால் இழுத்துப் பெரிதாக்காமலே படிக்க வருகிற வரைக்கும் விடவில்லை. போன் நம்பரைத் தொட்டுப் பார்த்தாள். நேராக அழைப்புக்குப் போனது, அவள் போன் மடியில் கிடந்து மணியடித்தது. ஃபைலுக்கு முன்பு வைத்திருந்த பெயர் 'ரெஸ்யூமே நியூ ஃபைனல்' என்பது. போனில் பார்த்தால் அந்த மாதிரிப் பெயர் ஊரில் எல்லோருக்கும்தான் இருக்கும். இப்போது தன் பெயரையும் பர்ச்சேஸ் என்ற வார்த்தையையும் முன்னால் வைத்தாள்.

ஒவ்வொரு முறையும் லிஃப்ட்காரர்தான் பரிசோதகர். போனைக் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வார். மேடம் லிஃப்டில் பிடிப்பது அந்தத் தூரத்தில்தான். படிக்கத் தெரியாதவர் எதைப் பரிசோதிப்பது? பெயர் தெரிகிறதா என்று பார்ப்பார். அடுத்தது எண்கள்.

"எல்லாம் நல்லாருக்கும்மா. இந்த வருஷமெல்லாம்தான் ஓரத்துல ஒடுங்கிக் கெடக்கு. எனக்கே தெரியலை."

"வருஷம்தானே மாமா. அது கெடக்கட்டும்."

"அப்படி விடக் கூடாதும்மா. மனுஷங்க மொதல்ல நம்பரைத்தான் பாப்பாங்க. லிஃப்ட்ல ஏறுறவங்க கம்பெனிப் பேரையா பாக்குறாங்க? எத்தனாவது மாடின்னுதானே பாக்குறாங்க. எத்தனை வருஷம் வேலை பாத்திருக்கேங்கிறது பளிச்சுன்னு தெரிய வேண்டாமா? தனி வரியாப் போடு. கறுப்பா, தடிமனாப் போடு."

அவள் கொஞ்சம் தயங்கினாள். எதற்குத் தயங்கினாள் என்று அவர் கேட்கவில்லை. மாமா இவ்வளவு ஆசையாகச் சொல்கிறாரே என்று நினைத்தாளோ என்னவோ, ஒவ்வொரு வேலைக்கும் கீழே வருடங்களைத் தனி வரியில் தடித்த எழுத்தில் போட்டு அனுப்பினாள். அவர் கையை முழுசாக நீட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

"இதுதான் ரெஸ்யூமே," என்றார், ஏதோ ஆயிரம் ரெஸ்யூமே பார்த்தவர் மாதிரி.

திருத்திய பிரதி இது, தயவுசெய்து இதைப் பாருங்கள் என்று இரண்டு வரி எழுதி மருமகள் ஒன்பதாம் மாடிக்கு மறுபடி அனுப்பினாள்.

மேடம் அதை உடனே திறந்துவிடவில்லை. ஒருநாள் காலை யாருடனோ போனில் பேசிக்கொண்டே மேலே போனாள். இன்னொரு நாள் வரவே இல்லை. லிஃப்ட்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மருமகள் ஒன்றும் கேட்க மாட்டாள். ஆனால் காபியை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்பாள். "இன்னிக்குப் பாக்கலைம்மா" என்பார். "நான் கேக்கவே இல்லையே மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. மேடமும் அக்கவுண்ட்ஸ் தம்பியும் சேர்ந்து ஏறினார்கள். கதவு மூடியதும் மேடம் போனை எடுத்தாள். பட்டியலில் மருமகளின் பெயர் மேலே இருந்தது, முழுசாக, வெட்டுப்படாமல். மேடம் அதைத் தொட்டாள். கடிதம் வந்தது. ஃபைலைத் தொட்டாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

இறங்கிவிடு, இறங்கிவிடு என்று லிஃப்ட்காரர் மனதுக்குள் அந்த ஃபைலைக் கெஞ்சினார். லிஃப்டின் இரும்புப் பெட்டிக்குள் அது எங்கே இறங்கும்? கதவு திறக்கிற மாடிகளில் மட்டும் கொஞ்சம் சிக்னல் உள்ளே வரும் என்பது எல்லோரும் 'ஹலோ ஹலோ' என்று கத்துவதைக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தெரியும். நான்காம் மாடியில் நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவராகவே நிறுத்தினார். கதவைத் திறந்து, திறந்தபடியே பிடித்துக்கொள்கிற பட்டனில் கட்டை விரலை வைத்து அழுத்தினார்.

வராந்தாவில் ஒரு ஈ காக்கை இல்லை.

"யாரோ வர்றாங்கபோல மேடம்," என்றார்.

அக்கவுண்ட்ஸ் தம்பி எட்டிப் பார்த்தான். "யாரையும் காணோமே அண்ணே."

"காலடிச் சத்தம் கேட்டுச்சு தம்பி."

வட்டம் நின்றது. பக்கம் வந்தது. லிஃப்ட்காரர் கட்டை விரலை எடுத்தார், கதவு மூடிக்கொண்டது. இத்தனை வருட வேலையில் பயணிகளுக்காக இல்லாமல் தனக்காக அவர் லிஃப்டை நிறுத்தியது அன்றைக்குத்தான். அதற்காக அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. அவர் மூக்குக்கு நேராக, மேடத்தின் கையில், மருமகளின் ரெஸ்யூமே தெளிவாக இருந்தது. பெயர் மேலே கறுப்பாகத் தெரிந்தது. வரிகள் கலையவில்லை. மேடம் விரலால் இழுத்துப் பெரிதாக்கவும் இல்லை, அப்படியே படித்தாள். ஐந்தாம் மாடி. மெதுவாகக் கீழே தள்ளிப் படித்தாள். ஆறாம் மாடி. இந்தத் தடவை மேடம் வட்டத்தைப் பார்க்கவில்லை, எழுத்தைத்தான் படிக்கிறாள் என்று அவருக்கே தெரிந்தது. தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டுக்குப் போனதும் எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

மேடம் போனைத் தம்பி பக்கம் சாய்த்தாள். "இதைப் பாரேன். எவ்வளவு நீட்டா இருக்கு. எல்லாரும் இப்படி அனுப்பினா என் கண்ணு பிழைக்கும்."

"அனுபவமும் இருக்கே மேடம். நம்ம லைன்தான்."

"அதான் பாத்தேன்." மேடம் கொஞ்சம் மேலே தள்ளினாள். தடித்த எழுத்தில் இருந்த வருடங்களில் அவள் விரல் நின்றது. "ஆனா இதைப் பாரு. இங்க முடிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை. ரெண்டு வருஷம் ஆகப்போகுது. பளிச்சுன்னு தெரியுது."

"ஏன்னு போடலையா?"

"போடலை. சும்மாத்தான் இருந்திருப்பாங்க. இவ்வளவு நாள் வீட்டுல சும்மா இருந்துட்டு வந்தா மறுபடி பழகவே நாளாகும். நமக்கு உடனே ஆள் வேணும்."

ஏழாம் மாடி.

லிஃப்ட்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்தவள். விடியவிடியக் கண்விழித்து மருந்து கொடுத்தவள். ஆள் பாதி எடை தன் தோளில் விழ, வாசலுக்கும் அடுக்களைக்கும் அவரை நடத்திக்கொண்டு போனவள். "இன்னும் ஒரு அடி மாமா, இன்னும் ஒரே ஒரு அடி" என்று ஏமாற்றி ஏமாற்றி நடக்க வைத்தவள். அவள் சும்மா இருக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக இவர் முழுசாக அங்கேயே உட்கார்ந்திருந்தார். கை நீட்டினால் மேடத்தின் தோளைத் தொட்டிருக்கலாம். மேடம், அது நான்தான் மேடம், என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் திறந்தது. சொன்னால், போனைப் பார்த்தது தெரியும். வேலை போனாலும் போகட்டும். ஆனால் மருமகளின் மாமனார் லிஃப்ட்காரர், சிபாரிசுக்கு வந்துவிட்டார் என்றாகிவிடுமே. அவள் கறாராகச் சொன்னது அதைத்தானே. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளைத்தான் கெடுப்பதாக இருந்தது. எட்டாம் மாடி போய்விட்டது. மேடம் பின்னால் தள்ளி, ஏற்கெனவே இறங்கியிருந்த அடுத்ததைத் திறந்தாள். அடுத்தவருடைய முகம் திரை முழுக்க வீங்கிக்கொண்டு வந்தது.

லிஃப்ட் நின்றது. "ஒன்பது மேடம்," என்றார். அவர் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

"தேங்க்ஸ்ணே," என்று மேடம் எப்போதும்போல் சிரித்துவிட்டுப் போனாள். நல்ல பெண்தான். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டியாவது ஆறியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் அவர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இன்னிக்கும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். நாளைக்கும் அதையே சொல்லலாம். எத்தனை நாளைக்கு? அவள் அதையே எல்லா இடத்துக்கும் அனுப்புவாள். எல்லா இடத்திலும் யாராவது ஒருவர் படிப்பதற்குச் சுலபமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, வருடத்தைப் பார்த்துவிட்டு மூடுவார். பெரிதாகப் போடச் சொன்னது யார்?

வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னார். நான்காம் மாடியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னார். நீட்டாக இருக்கிறது என்று மேடம் சொன்னதைச் சொன்னார். சும்மா இருந்தாள் என்று சொன்னதையும் சொன்னார்.

"நான்தாம்மா பெருசாப் போடச் சொன்னேன். உனக்குத் தெரிஞ்சிருக்கு. நீ தயங்குனே."

"தெரியும் மாமா," என்றாள் அவள். "எப்படியும் ஒருநாள் யாராவது பாப்பாங்கதானே."

தையல்காரம்மா வீட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மருமகள் எழுந்து போய் லேப்டாப்பை எடுத்துவந்தாள். என்னவோ தட்டினாள், நிறுத்தினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். அவருடைய போன் ஒருமுறை அதிர்ந்தது.

"பாருங்க."

கையை நீட்டிப் பார்த்தார். வட்டம் சுற்றாமல் சட்டென்று திறந்தது. பெயர் இருந்தது. வருடங்கள் இருந்தன. அவற்றுக்குமேலே புதிதாக ஒரு வரி வந்திருந்தது. அதில் எண் எதுவும் இல்லாததால் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னம்மா போட்டிருக்கே?"

"குடும்பத்துல ஒருத்தரோட ஆபரேஷனுக்கு அப்புறம் முழு நேரமும் கவனிச்சுக்கிட்டேன்னு போட்டிருக்கேன். இதைப் பாத்தா சில பேரு இன்னும் சீக்கிரமா மூடிடுவாங்க. நாளைக்கும் லீவு கேப்பாளோன்னு தோணும். எனக்கே தோணியிருக்கும்."

"அப்ப எடுத்துடும்மா. நான் எதுக்கு அதுக்குள்ள? என்னால கெட்டது போதும்."

"எடுத்தா அந்த எடம் காலியாத் தெரியும். வெச்சா நீங்க தெரிவீங்க." அவள் அவரைப் பார்த்தாள், நிஜமாகவே கேட்டாள். "எது பரவாயில்லைன்னு நீங்களே சொல்லுங்க மாமா."

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார், தூரத்தில் பிடித்தார். இரவும் பகலுமாக அவள் அவரோடு கிடந்த காலம் அந்தத் திரையில் ஒரே வரிக்குள் அடங்கிவிட்டது. வரி முடிந்த பிறகு பாதி இடம் வெறும் வெள்ளையாகவே இருந்தது. அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் திரை தானாகவே அணைந்தது. அவர் விரலால் தொட்டு மறுபடி அதைத் திறந்தார்.